டாலரில் பாக்கி இல்லை, சிங்கப்பூர் வெள்ளியில் மட்டும் மீதி நிற்கிறதா? வெளிநாட்டு இன்வாய்ஸின் நாணய மாற்று லாப நட்டத்தைச் சரிபார்க்கும் வழி

போன ஜனவரிக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்க்கும் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். “அக்கா, துபாய் கஸ்டமர் முழுசா கட்டிட்டாரு. ஆனா அவரு கணக்குல இன்னும் 800 வெள்ளி நிக்குது. ரிமைண்டர் அனுப்பவா?”

“வேண்டாம்மா. அது அவரு தர வேண்டிய பணம் இல்ல. நாம போட்ட ஒரு என்ட்ரி” என்றேன்.

அன்று அந்த ரிமைண்டர் போயிருந்தால், நேரத்துக்குப் பணம் கட்டிய ஒரு நல்ல வாடிக்கையாளரிடம் நாம் தலைகுனிந்திருப்போம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அமெரிக்க டாலரில் இன்வாய்ஸ் போட்டு, வெள்ளியில் கணக்கு வைத்திருக்கும் எந்தச் சிறு நிறுவனத்திலும் இது நடக்கும். உங்கள் திரையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலில் வரும் கைக்கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாமே அதை வைத்துத்தான்.

முதலில் கையால் போட்டுப் பாருங்கள்

எண்கள் எளிதாக இருப்பதற்காக விகிதங்களை நானே வைத்துக்கொள்கிறேன். நிறுவனத்தின் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது.

நவம்பர் 12: 40,000 அமெரிக்க டாலருக்கு இன்வாய்ஸ். அன்றைய விகிதம் 1 டாலருக்கு 1.3400 வெள்ளி. வெள்ளியில் 53,600.

டிசம்பர் 31: பணம் இன்னும் வரவில்லை. ஆண்டு இறுதி விகிதம் 1.3600. வெள்ளியில் 54,400.

ஜனவரி 20: வாடிக்கையாளர் கட்டுகிறார். அன்றைய விகிதம் 1.3500. வெள்ளியில் 54,000.

வர வேண்டிய டாலர் பணம் என்பது ரொக்கத்தைப் போல மதிப்பு ஏறி இறங்கும் ஒன்று. அதனால் சிங்கப்பூரின் கணக்கியல் தரநிலையான எஃப்ஆர்எஸ் 21 அதை ஆண்டு இறுதி விகிதத்துக்கு மாற்றி எழுதச் சொல்கிறது. வித்தியாசம் அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் சேர வேண்டும். ஆக, போன ஆண்டில் 800 வெள்ளி லாபம். இந்த ஆண்டில் 54,400-இலிருந்து 54,000-க்கு இறங்கியதால் 400 வெள்ளி நட்டம். இரண்டையும் கூட்டினால் 400 வெள்ளி லாபம். இன்வாய்ஸ் நாளிலிருந்து பணம் வந்த நாள் வரை நேராகக் கணக்கிட்டாலும் அதே 400 வர வேண்டும். எக்செலில் டாலர் தொகை B2-விலும், தொடக்க விகிதம் C2-விலும், முடிவு விகிதம் C3-யிலும் இருந்தால்:

```
=B2*(C3-C2)
```

40,000 × (1.3500 − 1.3400) = 400. இந்த மூன்று எண்களையும், அதாவது போன ஆண்டு +800, இந்த ஆண்டு −400, மொத்தம் +400 என்பதை, ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் சொல்வதை இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

விகிதத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் தன் இணையத்தளத்தில் வெளியிடும் தினசரி விகிதங்களைப் பலர் எடுக்கிறார்கள். சிலர் தங்கள் வங்கியின் விகிதத்தை எடுக்கிறார்கள். எதுவானாலும் மூன்று நாளுக்கும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். இன்வாய்ஸுக்கு வங்கியின் விற்கும் விகிதம், ஆண்டு இறுதிக்கு நாணய ஆணையத்தின் விகிதம் என்று கலந்தால், டாலர் அசையாமலே ஒரு லாபமோ நட்டமோ முளைத்துவிடும்.

அறிகுறி: டாலரில் பூஜ்யம், வெள்ளியில் மீதி

இதுதான் அந்தப் பெண் காட்டியது. அடிக்கடி வருவதும் இதுதான்.

வாடிக்கையாளரின் லெட்ஜரை டாலர் பத்தி, வெள்ளிப் பத்தி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி திறங்கள். டாலர் பத்தி பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் வெள்ளிப் பத்தியும் பூஜ்யத்துக்கு வந்தே ஆக வேண்டும். கடன் தீர்ந்த பிறகு வெள்ளியில் எது நின்றாலும் அது கணக்குப் பிழைதான். யாரும் தர வேண்டிய பணம் அல்ல.

அடுத்து, நிற்கும் தொகையைப் போன ஆண்டு இறுதி விகிதத்துக்கு மாற்றி எழுதுவதற்காகப் போட்ட மறுமதிப்பீட்டு ஜர்னலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் காசு பிசகாமல் ஒன்றாக இருந்தால், காரணம் கிட்டத்தட்டக் கையில் கிடைத்துவிட்டது.

ஆண்டு இறுதி மாற்றத்தைக் கணக்கில் கொண்டுபோக இரண்டு பழக்கங்கள் உண்டு. முதல் பழக்கத்தில், டிசம்பர் 31-இல் ஏற்றிய 800 வெள்ளியை அப்படியே விட்டுவிடுவார்கள். பணம் வரும்போது 54,400-ஐ அடிப்படையாக வைத்து 400 நட்டம் போடுவார்கள். இரண்டாவது பழக்கத்தில், ஜனவரி 1-ஆம் தேதி அந்த 800-ஐத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர் கணக்கு மறுபடி 53,600-க்கு வந்துவிடும். பணம் வரும்போது இன்வாய்ஸ் விகிதத்தை அடிப்படையாக வைத்து 400 லாபம் வரும். திருப்பிப் போட்ட −800, இந்த +400, இரண்டும் சேர்ந்து இந்த ஆண்டுக்கு −400. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

இரண்டு பழக்கத்தையும் பாதிப் பாதியாகக் கலக்கும்போதுதான் கோளாறு. மென்பொருள் பணம் வந்ததும் தானாகவே இன்வாய்ஸ் விகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறது. ஆனால் ஆண்டு இறுதி ஜர்னலைக் கையால் போட்டவர் அதைத் திருப்பிப் போட மறந்துவிட்டார். அப்போது இந்த ஆண்டில் 400 நட்டத்துக்குப் பதில் 400 லாபம் காட்டும். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 1,200 வெள்ளி லாபம். உண்மையில் கிடைத்தது 400 மட்டுமே. வாடிக்கையாளர் கணக்கில் 800 பற்று நிற்கும், அதாவது இன்னும் நமக்கு வர வேண்டியது போல.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. ஜனவரி 1-இல் 800-ஐத் திருப்பிப் போட்டாயிற்று. பணம் வந்தபோது யாரோ 54,400-ஐ அடிப்படையாக வைத்துக் கையால் இன்னொரு 400 நட்டம் போட்டுவிட்டார். அப்போது இந்த ஆண்டில் 1,200 நட்டம் காட்டும், வாடிக்கையாளர் கணக்கில் 800 வரவு நிற்கும், அதாவது நாம்தான் அவருக்குத் தர வேண்டும் என்பது போல. ஆகவே மீதி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தாலே எந்தக் கோளாறு என்று தெரிந்துவிடும். இந்த உதாரணத்தில் ஆண்டு இறுதியில் லாபம் வந்ததால் இப்படி. ஆண்டு இறுதியில் நட்டம் போட்டிருந்தால் பக்கங்கள் இடம் மாறும்.

சரி செய்வது எளிது. பற்று நின்றால், நாணய மாற்று லாப நட்டக் கணக்கில் 800 பற்று, வாடிக்கையாளர் கணக்கில் 800 வரவு. வரவு நின்றால் இதையே தலைகீழாக. ஜர்னலுக்கு இந்த ஆண்டின் தேதியைப் போடுங்கள். போன ஆண்டுக் கணக்கைத் திறக்க வேண்டாம். அங்கே இருக்கும் 800 லாபம் சரியானதே. பிழை நடந்தது ஜனவரி 1-க்குப் பிறகுதான்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பல மென்பொருள்கள் வாடிக்கையாளர் கணக்குக்குள் கையால் ஜர்னல் போட விடாது. அதனால் மறுமதிப்பீட்டைத் தனியாக ஒரு சரிக்கட்டுக் கணக்கில் போட்டு வைத்திருப்பார்கள். அப்போது வாடிக்கையாளர் லெட்ஜர் இரண்டு பத்தியிலும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டும். 800 அந்தத் தனிக் கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். லெட்ஜர் சுத்தமாக இருந்தும் இந்த ஆண்டு எண் உங்கள் கைக்கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

அறிகுறி: நட்டம் கைக்கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம், வெள்ளிக்குப் பின்னால் சில்லறையும் ஒட்டியிருக்கிறது

கைக்கணக்கு 400 நட்டம் என்கிறது. மென்பொருள் 560.41 என்கிறது. நூற்றுக்கணக்கில் வித்தியாசம், கூடவே சில்லறை. இப்படி இருந்தால் மறுமதிப்பீட்டை விட்டுவிட்டு வங்கிப் பக்கம் திரும்புங்கள்.

வாடிக்கையாளர் அனுப்பியது 40,000 டாலர். வழியில் ஓர் இடைவங்கி 30 டாலர் எடுத்துக்கொண்டது. இங்கே வந்தது 39,970. அதை நம் வங்கி அன்றைக்கே 1.3470 விகிதத்தில் வெள்ளியாக்கி 53,839.59 வரவு வைத்தது. வெள்ளிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் இந்தக் கடைசி எண் மட்டுமே தெரியும். கணக்கு எழுதுபவர் 54,400-ஐ முழுதாகத் தீர்த்து, வித்தியாசம் 560.41-ஐ மொத்தமாக நாணய மாற்று நட்டத்தில் தள்ளிவிடுகிறார்.

இதைப் பிரித்துப் பாருங்கள். டாலரின் விலை 1.3600-இலிருந்து 1.3500-க்கு இறங்கியதால் வந்தது 400. சந்தை விகிதத்துக்கும் நம் வங்கி கொடுத்த விகிதத்துக்கும் உள்ள இடைவெளி 39,970 × 0.0030, அதாவது 119.91. இடைவங்கி எடுத்த 30 டாலர், 1.3500 விகிதத்தில் 40.50. மூன்றையும் கூட்டினால் 560.41. ஒரு காசும் மிச்சமில்லை.

இதில் 40.50 நாணய மாற்று நட்டமே அல்ல. அது வங்கிக் கட்டணம். தனிக் கணக்குக்குப் போக வேண்டும். 119.91-ஐ நாணய மாற்று நட்டத்திலேயே வைக்கும் அலுவலகங்கள் அதிகம். நானும் அப்படித்தான் வைக்கிறேன், ஆனால் அதன் கீழ் ஒரு துணைக் கணக்கில். அந்த ஒரு வரியைப் பார்த்தால்தான் ஆண்டு முழுதும் வங்கியின் விகிதத்துக்காக நாம் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று முதலாளிக்குக் காட்ட முடிகிறது. வேறு வங்கியிடம் விகிதம் கேட்கலாமா என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. பணம் வந்த என்ட்ரியில் விகிதம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1.34599 என்று இருந்தால், 53,839.59-ஐ 40,000-ஆல் வகுத்து யாரோ போட்டிருக்கிறார்கள். அன்று எந்த வங்கியும் அந்த விகிதத்தைச் சொல்லியிருக்காது. கணக்கு ஒத்துப்போவதற்காகச் செய்தது அது. கட்டணமும் விகித இடைவெளியும் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன.

வங்கியின் வரவு அறிவிப்பைத் தரவிறக்கிப் பாருங்கள். ஸ்டேட்மென்ட் போதாது. அனுப்பிய தொகை, பிடித்த கட்டணம், மாற்றிய விகிதம் எல்லாம் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் தனித்தனியாக இருக்கும். கட்டணம் யார் பொறுப்பு என்பதும் `OUR`, `SHA`, `BEN` என்று மூன்றில் ஒன்றாகக் குறித்திருக்கும். `OUR` என்றால் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது. அப்படிக் குறித்திருந்தும் 30 டாலர் குறைந்து வந்திருந்தால், வாடிக்கையாளரின் வங்கியிடம் அவர் மூலம் கேட்கலாம். கேட்டு முடியும் வரை அந்த 30 டாலரைச் செலவாக எழுதிவிடாதீர்கள். `SHA` அல்லது `BEN` என்றால், இடையில் பிடித்த கட்டணம் நம் தலையில்தான். பொருள் விற்கும்போது போட்ட ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் மட்டும் வாடிக்கையாளரிடம் பேசலாம்.

மென்பொருளில் 30 டாலர் இன்னும் வர வேண்டியதாகத் திறந்தே இருப்பதும் இதே கோளாறின் இன்னொரு முகம். அதை அடுத்த ஆண்டு இறுதி வரை விட்டுவைத்தால், வராத 30 டாலருக்கும் மறுமதிப்பீடு போடுவீர்கள்.

அறிகுறி: லாபம் வர வேண்டிய இடத்தில் நட்டம், அல்லது தொகை பூதாகரமாக இருக்கிறது

வர வேண்டிய பணத்துக்கு ஒரே விதி: அந்த நாட்டு நாணயம் வெள்ளிக்கு எதிராக ஏறினால் லாபம், இறங்கினால் நட்டம். கொடுக்க வேண்டிய பணத்துக்கு இது அப்படியே தலைகீழ்.

உங்கள் விடை இதற்கு எதிராக வந்தால், விகிதம் எந்தப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1 டாலருக்கு 1.34 வெள்ளி என்பதை 1 வெள்ளிக்கு 0.7463 டாலர் என்றும் எழுதலாம். ஆண்டு இறுதியில் 1.36 ஆகும்போது அது 0.7353 ஆகிவிடும். டாலர் ஏறியிருக்கிறது, ஆனால் திரையில் எண் இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நட்டம் என்று கையால் ஜர்னல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விகிதத்தையே தவறான பக்கத்திலிருந்து உள்ளிட்டிருந்தால் 40,000 டாலர் 29,852 வெள்ளியாகத் தெரியும். அதைக் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னைக்கோ ஜோகூருக்கோ விற்பவர்களுக்கு இன்னொன்று. நாணய ஆணையத்தின் பட்டியலில் அமெரிக்க டாலர், யூரோ, பவுண்டு போன்றவற்றின் விகிதம் 1 அலகுக்கு. இந்திய ரூபாய், மலேசிய ரிங்கிட், ஜப்பானிய யென் போன்றவற்றுக்கு 100 அலகுக்கு. 100 ரூபாய்க்கு 1.50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 500,000 ரூபாய் இன்வாய்ஸ் 7,500 வெள்ளி. நூறால் வகுக்க மறந்தால் 750,000. இன்வாய்ஸ் போடும்போது இது நடந்தால் உடனே தெரிந்துவிடும். ஆண்டு இறுதி விகிதத்தை மட்டும் இப்படி உள்ளிட்டால், ஒரே இரவில் நிறுவனத்துக்கு 742,500 வெள்ளி நாணய மாற்று லாபம் வந்து நிற்கும்.

அறிகுறி: யாரும் பணம் கட்டாத மாதத்தில் நாணய மாற்று நட்டம்

வாடிக்கையாளர் பணத்தை நம் வெள்ளிக் கணக்குக்கு அனுப்பாமல் டாலர் கணக்குக்கு அனுப்பியிருப்பார். ஜனவரி 20-இல் 39,970 டாலர் அங்கே வந்தது. விகிதம் ஏறட்டும் என்று காத்திருந்து, மார்ச் 3-இல் 1.3300-க்கு மாற்றினீர்கள். இதில் 39,970 × 0.0200, அதாவது 799.40 வெள்ளி நட்டம்.

இந்த நட்டத்துக்கும் வாடிக்கையாளருக்கும் சம்பந்தமில்லை. அவருடைய கடன் ஜனவரி 20-இலேயே தீர்ந்துவிட்டது. இன்வாய்ஸின் லாப நட்டமும் அன்றோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஏறி இறங்குவது நம் வங்கி இருப்பு. இரண்டும் லாப நட்டக் கணக்கில் ஒரே தலைப்பில் சேர்வதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வெள்ளி கைக்கு வந்த மார்ச் 3-ஐப் பணம் வந்த நாளாகப் போட்டால், அந்த ஆறு வாரமும் அவர் நிலுவைப் பட்டியலில் நிற்பார், அவருக்கான கடன் வரம்பை யாராவது குறைத்தும் விடுவார்கள். ரிசீட் தேதியை டாலர் கணக்கின் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுங்கள். வெள்ளிக் கணக்கோடு அல்ல.

எல்லாம் சரியான பிறகு ஒரு பார்வை

ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனம் என்றால், பணம் வந்து உறுதியான நாணய மாற்று லாப நட்டத்தின் நிகரத் தொகை ஜிஎஸ்டி படிவம் `GST F5`-இன் `Box 3`-இல் விலக்களிக்கப்பட்ட வழங்கலாகச் சேரும். நட்டமாக இருந்தாலும் கழித்தல் குறி இல்லாமல் எழுத வேண்டும். ஆண்டு இறுதி மறுமதிப்பீடும் அதைத் திருப்பிப் போட்ட ஜர்னலும் அங்கே போகக் கூடாது. 40.50 வெள்ளி வங்கிக் கட்டணமும் போகக் கூடாது. மேலே சொன்னபடி பிரித்து வைத்திருந்தால் இந்த எண்ணை எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இந்த வழிமுறை எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் கணக்கு வைப்பதே அமெரிக்க டாலரில் என்றால் டாலர் இன்வாய்ஸுக்கு வித்தியாசமே வராது. வங்கியோடு முன்கூட்டியே விகிதம் பேசி ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்த ஒப்பந்தத்தின் லாப நட்டம் தனியாக வரும். இன்வாய்ஸ் கணக்கை மேலே சொன்னபடியே முடித்துவிட்டு அதைத் தனித் தாளில் பாருங்கள். பொருள் அனுப்பும் முன்பே முன்பணம் வாங்கியிருந்தால், அந்தப் பகுதிக்கு முன்பணம் வந்த நாளின் விகிதமே விற்பனைக்கும் விகிதம். அதில் லாபமோ நட்டமோ காட்டினால் மென்பொருள் இன்வாய்ஸ் நாளின் விகிதத்தை எடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பெண் அன்று 800-க்கு ஜர்னல் போட்டாள். இரண்டு பத்தியிலும் பூஜ்யம் வந்தது. பிறகு கைக்கணக்குத் தாளையும் வங்கியின் வரவு அறிவிப்பையும் அந்த ஜர்னலோடு சேர்த்துப் பின் அடித்துக் கோப்பில் வைத்தாள்.